வாடகை வீட்டில் ஏசி: பிளக் பாயிண்ட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

சென்ற கோடையில் உத்திரமேரூரில் எங்கள் உறவினர் குடும்பம் ஒன்று முதன்முறையாக ஏசி வாங்கியது. வீட்டில் வயதான அத்தா, படுத்த படுக்கையில் இருப்பவர். வெயில் தாங்கவில்லை. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி. கடையிலிருந்து வந்த ஆட்கள் இரண்டு மணி நேரத்தில் மாட்டிவிட்டு, "பிளக் பாயிண்ட் எங்கே?" என்று கேட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பெரிய பவர் பிளக் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதில் சொருகினார்கள். அறை குளிர்ந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் இஷா தொழுதுவிட்டு வந்தபோது அறையில் பிளாஸ்டிக் கருகும் வாடை. ஏசி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. எம்.சி.பி. விழவில்லை. ஆனால் பிளக்கைத் தொட முடியாத அளவுக்குச் சூடு. மெயினை அணைத்துவிட்டுக் கழற்றிப் பார்த்தால், ஒரு துளையைச் சுற்றி சாக்கெட் உருகிப் பழுப்பு நிறமாகியிருந்தது. எழுந்து நடக்க முடியாதவர் படுத்திருக்கும் அறை அது. வாடையைக் கவனிக்காமல் அன்றிரவு எல்லோரும் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் போர்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "பாய், ஏசியில ஒண்ணும் இல்ல. அது கரண்ட் எடுக்கிற வழிதான் சரியில்ல."

அந்த வழியைச் சரியாக அமைப்பது எப்படி, அதுவும் நமக்குச் சொந்தமில்லாத வாடகை வீட்டில் எப்படி என்பதைத்தான் அந்த வீட்டை வைத்தே பார்க்கப் போகிறோம்.

போர்டுக்குப் பின்னால் இருந்தது என்ன?

வெளியிலிருந்து பார்க்க அது 16 ஆம்பியர் பவர் பிளக். மூன்று பெரிய துளைகள், பெரிய சுவிட்ச். ஆனால் சாக்கெட்டின் அளவு பெரிது என்பதால் அதற்கு வரும் ஒயரும் பெரிதாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. உள்ளே நான்கு குறைகள் இருந்தன.

முதலாவது, அங்கே வந்த ஒயர் 1.5 ஸ்கொயர் எம்.எம். இரண்டாவது, அது மெயின் போர்டிலிருந்து நேராக வரவில்லை. பக்கத்து அறையின் சுவிட்ச் போர்டிலிருந்து இழுக்கப்பட்டிருந்தது. ஃபிரிட்ஜும் இஸ்திரிப் பெட்டியும் அதே ஒயரில்தான் ஓடின. மூன்றாவது, நியூட்ரல் ஒயர் நடுவழியில் முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட் வழியாக வந்தது. டேப் காய்ந்து இறுகி, ஜாயிண்ட் தளர்ந்திருந்தது. நான்காவது, சாக்கெட்டின் மேல் துளைக்கு, அதாவது எர்த்துக்கு, எந்த ஒயரும் இல்லை.

வீடு முழுவதற்கும் சேர்த்து மெயின் போர்டில் ஒரே ஒரு 32 ஆம்பியர் எம்.சி.பி. மட்டும் இருந்தது.

எம்.சி.பி. ஏன் விழவில்லை?

பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இது. எம்.சி.பி. சூட்டையோ புகையையோ பார்ப்பதில்லை. தன் வழியாகப் போகும் கரண்ட் தன் அளவைத் தாண்டுகிறதா என்று மட்டுமே பார்க்கிறது.

ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 7 முதல் 9 ஆம்பியர் எடுக்கும். தளர்ந்த ஜாயிண்ட்டிலோ, சாக்கெட்டின் தளர்ந்த பிடியிலோ 0.4 ஓம் தடை ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். அதன் வழியே 9 ஆம்பியர் போகும்போது அந்த ஒரு புள்ளியில் உண்டாகும் சூடு 9 × 9 × 0.4, அதாவது சுமார் 32 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றை பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து இரவெல்லாம் மூடி வைத்ததற்குச் சமம் இது. ஆனால் எம்.சி.பி.யைப் பொறுத்தவரை போவது வெறும் 9 ஆம்பியர். அது 32 ஆம்பியருக்குக் காத்திருக்கிறது. விழ வேண்டிய காரணமே இல்லை.

ஆகவே அந்த வீட்டில் முதலில் உருகியது ஒயர் அல்ல, தளர்ந்த பிடி. தடிமனான ஒயர் போட்டிருந்தாலும் பிடி தளர்ந்திருந்தால் இதேதான் நடந்திருக்கும். "நாலு ஸ்கொயர் போட்டாச்சு, இனி கவலை இல்லை" என்று இருந்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அப்படியானால் ஒயரின் தடிமன் எதற்கு?

ஒயர் மெல்லியதாக இருந்ததும் தவறுதான். அதன் ஆபத்து மெதுவாக வருவது.

சுவருக்குள் பைப்பில் போகும் செம்பு ஒயர், நம் ஊர்க் கோடையின் 40 டிகிரி வெப்பத்தில், பாதுகாப்பாகத் தாங்கும் கரண்ட் தோராயமாக இவ்வளவு: 1.5 ஸ்கொயர் எம்.எம். என்றால் 12 ஆம்பியர், 2.5 என்றால் 17 ஆம்பியர், 4 என்றால் 22 ஆம்பியர்.

அந்த வீட்டின் 1.5 ஒயரில் ஏசி 9 ஆம்பியர் எடுத்தது. ஃபிரிட்ஜ் ஒரு ஆம்பியர். காலையில் இஸ்திரி போட்டால் இன்னொரு நாலரை ஆம்பியர். மொத்தம் பதினான்கைத் தாண்டுகிறது. ஒயர் தாங்குவதோ 12. 32 ஆம்பியர் எம்.சி.பி. இதையும் கண்டுகொள்ளாது. ஒயர் உடனே எரியாது. ஆனால் அதன் மேலுள்ள பி.வி.சி. உறை நாளுக்கு நாள் காய்ந்து, வெடித்து, ஒரு நாள் சுவருக்குள்ளேயே இரண்டு ஒயர்களும் ஒட்டிக்கொள்ளும்.

உத்திரமேரூர் போன்ற ஊர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது லோ வோல்டேஜ். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளியிருக்கும் தெருக்களிலும், வயல்வெளியின் மோட்டார்களோடு சேர்ந்து மின்சாரம் பெறும் கிராமங்களிலும் கோடை இரவில் வோல்டேஜ் 230க்குப் பதிலாக 180க்கு இறங்குவது உண்டு. வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையும் என்றுதான் நினைப்போம். இன்வெர்ட்டர் ஏசியில் நடப்பது நேர்மாறு. அதே குளிர்ச்சியைத் தர அது அதே வாட்டை இழுக்கப் பார்க்கும். 230 வோல்டில் 7 ஆம்பியர் எடுத்தது, 180 வோல்டில் 9 ஆம்பியர் எடுக்கும். ஸ்டெபிலைசர் போட்டாலும் இதே கதைதான். அது ஏசிக்கு வோல்டேஜைக் கூட்டிக் கொடுக்கும். அந்தக் கூடுதலை நம் வீட்டு ஒயரிலிருந்து அதிக ஆம்பியராக எடுத்துக்கொள்ளும்.

எனவே ஒன்றரை டன் ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் போடுவதே நல்லது. ஒரு டன் ஏசி, மெயின் போர்டிலிருந்து 10 மீட்டருக்குள் என்றால் 2.5 போதும். ஏசியோடு வரும் கையேட்டில் இதைவிடத் தடிமனாகக் கேட்டிருந்தால் கையேட்டின்படியே செய்யுங்கள். ஏசியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் அதிகபட்ச கரண்ட் எவ்வளவு என்று ஆம்பியரில் போட்டிருக்கும். வாங்கும் முன் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

தனி லைன் என்றால் என்ன?

மெயின் போர்டில் ஏசிக்கென்று ஒரு எம்.சி.பி. அங்கிருந்து பேஸ், நியூட்ரல், எர்த் ஆகிய மூன்று ஒயர்களும் நடுவில் எங்கும் வெட்டாமல், ஜாயிண்ட் போடாமல், ஏசியின் சாக்கெட் வரை. அந்த லைனில் ஏசியைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. இதுதான் தனி லைன்.

"பேஸை மட்டும் புதிதாக இழுத்துவிட்டு நியூட்ரலைப் பக்கத்து போர்டில் எடுத்துக்கொள்ளலாம்" என்று சிலர் செலவைக் குறைப்பார்கள். பேஸில் போகும் 9 ஆம்பியரும் நியூட்ரல் வழியாகத்தான் திரும்பி வருகிறது. அந்த வீட்டில் தளர்ந்திருந்த ஜாயிண்ட் நியூட்ரலில்தான் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

எம்.சி.பி.யின் அளவை ஏசியைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. அது காப்பாற்ற வேண்டியது ஒயரையும் சாக்கெட்டையும். ஒயர், சாக்கெட் இரண்டில் எது குறைவாகத் தாங்குமோ, அதைத் தாண்டாத எம்.சி.பி. வேண்டும். சாதாரண மூன்று பின் சாக்கெட் 16 ஆம்பியர் தாங்கும். அதைப் பொருத்தினால் 16 ஆம்பியர் எம்.சி.பி. கடைகளில் 'ஏசி பாக்ஸ்' என்று கேட்டால், 20 ஆம்பியர் சாக்கெட்டும் எம்.சி.பி.யும் சேர்ந்த உலோகப் பெட்டி தருவார்கள். அதன் பிடி உறுதியானது. 4 ஸ்கொயர் எம்.எம். ஒயரோடு அதைப் போட்டால் 20 ஆம்பியர் எம்.சி.பி. எப்படியிருந்தாலும் 'சி' வகை எம்.சி.பி. கேளுங்கள். மோட்டார் கிளம்பும்போது ஒரு நொடி கூடுதலாக எடுக்கும் கரண்டுக்கு அது தேவையில்லாமல் விழாது.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்பதற்காக 32 ஆம்பியராக மாற்றுவது, காவல் நாய் குரைக்கிறது என்று அதன் வாயைக் கட்டுவதைப் போன்றது.

அந்த வீட்டில் செய்த வேலை

மெயின் போர்டு வராந்தாவில். அறை வீட்டின் பின்பக்கம். சுவரோடு அளந்ததில் தூரம் 14 மீட்டர். ஏற்ற இறக்கத்துக்கும், போர்டுக்குள் விட வேண்டிய நீளத்துக்கும் சேர்த்து 18 மீட்டர். மூன்று ஒயருக்கு 54 மீட்டர். சிவப்பு பேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு. மூன்றுமே 4 ஸ்கொயர் எம்.எம்.

ஒயர் வாங்கும்போது உறையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 694 என்ற எண்ணும், அளவும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்தார்கள். விலை மலிவாகக் கிடைக்கும் சில ஒயர்களில் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். பல இழைகளாக வரும் 4 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் பொதுவாக 0.3 மில்லிமீட்டர் இழைகள் 56 இருக்கும். எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

சுவரை உடைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அதில் தவறும் இல்லை. ஆகவே சுவரின் மேலேயே பிளாஸ்டிக் கேசிங் பட்டி அடித்து அதற்குள் ஒயரைக் கொண்டுபோனார்கள். வாடகை வீட்டுக்கு இதுவே நல்ல வழி. காலி செய்யும்போது ஒயரையும் ஏசி பாக்ஸையும் கழற்றி எடுத்துப் போகலாம். சுவரில் சில திருகாணித் துளைகள்தான் மிஞ்சும்.

ஏசி பாக்ஸை உள் யூனிட்டின் பக்கத்திலேயே, அதன் கேபிள் இழுக்காமல் எட்டும் தூரத்தில் வைத்தார்கள். சில மாடல்களில் மின்சாரம் வெளி யூனிட்டுக்குத்தான் நேராகப் போகும். எது என்று கேட்டுவிட்டுத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

ஒயரை டெர்மினலில் நுழைக்கும்போது இடம் பற்றவில்லை என்று சில இழைகளை வெட்டிவிடும் பழக்கம் உண்டு. 4 ஸ்கொயர் ஒயர் அந்த இடத்தில் மட்டும் 2 ஸ்கொயர் ஆகிவிடும். சூடும் அங்கேதான் கிளம்பும். எல்லா இழைகளும் உள்ளே போய், திருகு இறுகியிருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

எர்த் இல்லாத வீடு

ஏசியின் வெளி யூனிட் உலோகத்தால் ஆனது. உள்ளே கசிவு ஏற்பட்டால், எர்த் இருக்கும் வீட்டில் அந்தக் கரண்ட் மண்ணுக்குப் போகும். எர்த் இல்லாவிட்டால், மாடியில் துணி காயப்போட ஈரக் கையோடு வருபவர் தொடும்வரை அது காத்திருக்கும். பழைய வாடகை வீடுகளில் எர்த் குழியே இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் கோடையில் மண் காய்ந்துபோய் வேலை செய்யாமல் இருக்கலாம். அந்தக் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அந்த வீட்டில் குழி இருந்தது, ஒயர்தான் அறுந்திருந்தது. அதைச் சரி செய்து, மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு அணையும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் சேர்த்தார்கள். பழைய பெயர் சொல்லிக் கேட்பவர்கள் இதை ஈ.எல்.சி.பி. என்பார்கள்.

வீட்டுக்காரரிடம் பேச வேண்டியது

மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. எனவே ஏசி வாங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுவதுதான் முறை. மூன்று விஷயங்களைப் பேசிக்கொள்ளுங்கள்.

ஒன்று, புதிய லைன் எந்த வழியாகப் போகும், சுவரில் என்ன துளை விழும். வெளி யூனிட்டுக்கான துளையும் இதில் அடக்கம். இரண்டு, செலவு யாருடையது, காலி செய்யும்போது ஒயரும் பெட்டியும் யாருக்கு. எர்த், மெயின் போர்டு போன்றவை வீட்டோடு தங்குபவை. அவற்றின் செலவை வீட்டுக்காரர் ஏற்பது நியாயம் என்று எடுத்துச் சொல்லலாம். பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொண்டால் பின்னால் அட்வான்ஸ் கணக்கில் மனவருத்தம் வராது.

மூன்று, இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு. ஏசி 1,600 வாட், தண்ணீர் மோட்டார் 700 வாட், இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் என்று ஒரே நேரத்தில் ஓடினாலே 3,300 வாட், அதாவது 14 ஆம்பியருக்கு மேல். கூடவே கீசரும் போட்டால் 23 ஆம்பியர். இவ்வளவும் மீட்டரிலிருந்து மெயின் போர்டுக்கு வரும் ஒயர் வழியாகத்தான் வருகிறது. அது பழைய அலுமினிய ஒயராகவோ மெல்லியதாகவோ இருந்தால் ஏசி லைனை மட்டும் மாற்றிப் பயனில்லை. அனுமதித்த பளுவைத் தாண்டினால், கூடுதல் பளுவுக்கு மின் பகிர்மானக் கழகத்தில் வீட்டுக்காரர் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும்.

வேலையைச் செய்பவரிடம் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுக்கும் ஒயர்மேன் தகுதிச் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஏசியை மாட்ட வருபவர் ஏசி தெரிந்தவர். வீட்டு ஒயரிங் அவர் வேலை அல்ல.

மாட்டிய பிறகு பார்க்க வேண்டியவை

முதல் சோதனை இரவு ஒன்பது, பத்து மணிக்கு. ஏசி முழு வேகத்தில் ஓடும்போது எலக்ட்ரீஷியன் மல்ட்டிமீட்டரால் மெயின் போர்டிலும் ஏசி சாக்கெட்டிலும் வோல்டேஜ் பார்க்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் லைன் தின்னும் வோல்டேஜ். அந்த 14 மீட்டர் லைனில் அது ஒன்றரை வோல்டுக்குள் இருந்தது. ஐந்து வோல்டைத் தாண்டினால் எங்கோ பிடி தளர்ந்திருக்கிறது அல்லது ஒயர் மெல்லியது.

மெயின் போர்டிலேயே 180தான் வருகிறது என்றால் அது உங்கள் ஒயரின் குறையல்ல. எவ்வளவு தடிமனான ஒயர் போட்டாலும் அது சரியாகாது. மின்னகம் எண் 94987 94987ல் புகார் பதிவு செய்யுங்கள். ஏசி எந்த வோல்டேஜ் வரை தாங்கும் என்று கையேட்டில் இருக்கும். வருவது அதற்கும் கீழே என்றால் மட்டும் ஸ்டெபிலைசரைப் பற்றி யோசியுங்கள்.

இரண்டாவது சோதனையை வீட்டில் யாரும் செய்யலாம். ஏசி ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கின் பிளாஸ்டிக் மேல்பகுதியைப் புறங்கையால் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே எம்.சி.பி.யை அணையுங்கள். அணைத்த பிறகுதான் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பின் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் அந்த சாக்கெட்டை மாற்ற வேண்டும். பின்னைத் தேய்த்துவிட்டு அதிலேயே மறுபடி சொருகக் கூடாது. பிடி தளர்ந்த சாக்கெட் மறுபடியும் சுடும்.

மாட்டிய ஒரு மாதத்தில் எலக்ட்ரீஷியனை ஒரு முறை அழைத்து எல்லாத் திருகுகளையும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். பல இழை ஒயர் முதல் சில வாரங்களில் சூடாகி ஆறி சற்றே அமுங்கும். திருகு அதற்கேற்பத் தளரும். பிறகு ஒவ்வொரு கோடைக்கும் முன் ஒரு முறை பார்த்தால் போதும்.

அந்த வீட்டில் இப்போது அத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பழைய பிளக் பாயிண்ட்டில் ஒரு டேபிள் லேம்ப் மட்டும் இருக்கிறது. மருமகள் வாரம் ஒரு முறை, இரவு உணவுக்குப் பின், புது ஏசி பாக்ஸைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார்.